விளம்பரத்தைத் திருத்தினால் போதாது

‘நீரிழிவு 30 நாளில் முற்றிலும் குணமாகும்’ என்று ஒரு சித்த மருத்துவமனை கூகுளில் விளம்பரம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அது நிராகரிக்கப்படும். நம்மூர்ச் சட்டமும் அதை ஏற்காது: நீரிழிவைக் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரப்படுத்த 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை விதிக்கிறது.

பலரும் விளம்பர வரியை மட்டும் மாற்றிவிட்டு மேல்முறையீடு செய்கிறார்கள். மறுபடியும் நிராகரிப்பு வருகிறது. ஏனென்றால், விளம்பரத்தைச் சொடுக்கினால் திறக்கும் இணையப் பக்கமும் சோதிக்கப்படுகிறது. அங்கே ‘இன்சுலினை நிறுத்தினேன்’ என்ற நோயாளியின் வாக்குமூலம் அப்படியே இருக்கும்! முதலில் அதை நீக்குங்கள். ‘நீரிழிவு ஆலோசனை, முன்பதிவு’ என்று உண்மையில் தரும் சேவையை எழுதுங்கள். பிறகே மேல்முறையீட்டில் ‘Made changes to comply with policy’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எதையும் திருத்தவில்லை, முடிவே தவறு என்றால் மட்டும் ‘Dispute decision’.

கடன், முதலீட்டு விளம்பரங்களில் வார்த்தையைவிட உரிமம்தான் பெரும்பாலும் சிக்கல். ரிசர்வ் வங்கி, செபி பதிவிலுள்ள பெயரும் விளம்பரதாரரின் பெயரும் பொருந்த வேண்டும். சரிபார்ப்பை முடிக்காமல் முறையிடுவது வீண்.

கணக்கே முடங்கினால் புதுக் கணக்கு தொடங்காதீர்கள். அது விதியை ஏய்க்கும் முயற்சியாகக் கருதப்பட்டு அதுவும் முடக்கப்படும்.