பின்னாடி இருந்து கூப்பிட்டாலும் கரெக்டா திரும்பும் ரோபோ... திசை எப்படித் தெரியுது?

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸ் வீடு என்று வைத்துக்கொள்வோம். ரிட்டயர் ஆன தாத்தா மட்டும் தனியாக இருக்கிறார். துணைக்கு ஒரு சின்ன ரோபோ. கால் இடறி விழுந்தவர் கூப்பிடுகிறார். ரோபோ அவர் பக்கம் திரும்பினால்தான் அதன் கேமராவில் அவர் தெரிவார். சுவர் பக்கம் திரும்பிவிட்டால்?

கூப்பிட்ட திசையை ரோபோ எப்படிக் கண்டுபிடிக்கிறது, எங்கே ஏமாறுகிறது? பார்க்கலாம்.

ஒரு காதுக்கு முதல்ல, இன்னொன்றுக்கு அப்புறம்

வலது பக்கம் இருந்து யாராவது கூப்பிட்டால், சத்தம் முதலில் நம் வலது காதுக்கு வரும். இடது காதுக்கு அதிகபட்சம் 0.6 முதல் 0.7 மில்லி விநாடி தாமதமாக வரும். இந்தச் சின்ன இடைவெளியை வைத்துத்தான் மூளை திசையைச் சொல்கிறது. ரோபோவும் இதையேதான் செய்கிறது. காதுக்குப் பதில் மைக்.

ரோபோ தலையில் இடது வலதாக 10 செ.மீ. இடைவெளியில் 2 மைக் இருக்கிறது. தாத்தா நேர் எதிரே இல்லாமல், வலப்பக்கம் 30 டிகிரி தள்ளி இருக்கிறார். அப்படியானால் இடது மைக்குக்கு அவர் குரல் 5 செ.மீ. கூடுதலாகப் பயணிக்க வேண்டும். ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். கணக்குப் போட்டால் தாமதம் 143 மைக்ரோ விநாடி.

ஆனால் மைக் சத்தத்தைத் தொடர்ச்சியாகப் பதிவதில்லை. விநாடிக்கு 16,000 முறை அளந்து எழுதிக்கொள்கிறது. அதாவது 62.5 மைக்ரோ விநாடிக்கு ஒரு அளவு. நம்ம தாமதம் 2.3 அளவு வருகிறது. 2 என்று எடுத்தால் 26 டிகிரி, 3 என்று எடுத்தால் 41 டிகிரி! அதனால்தான் இரண்டு அளவுகளுக்கு நடுவில் உள்ள புள்ளியையும் மென்பொருள் கணித்து எடுக்கிறது.

ஃபேன் சத்தத்தை என்ன செய்வது?

தாமதத்தைக் கண்டுபிடிக்க, ஒரு மைக்கின் பதிவை இன்னொன்றின் மேல் நகர்த்தி நகர்த்திப் பார்ப்பார்கள். எங்கே சரியாகப் பொருந்துகிறதோ, அதுதான் தாமதம். 1976-ல் நாப், கார்ட்டர் என்ற இருவர் வெளியிட்ட முறையிலிருந்து வந்த ‘ஜிசிசி-ஃபாட்’ இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. இது ஒவ்வொரு அதிர்வெண்ணின் சத்த அளவையும் சமமாக்கிவிட்டு, நேர வித்தியாசத்தை மட்டும் பார்க்கும். ஃபேனின் ‘உம்ம்’ எவ்வளவு பலமாக இருந்தாலும், அது மட்டும் கணக்கை இழுத்துக்கொண்டு போக முடியாது. பேச்சுக்குரிய அதிர்வெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

முன்னாடியா, பின்னாடியா?

2 மைக்குக்கு ஒரு பெரிய குறை உண்டு. முன்னால் வலப்பக்கம் 30 டிகிரியில் நின்றாலும், பின்னால் வலப்பக்கம் அதே அளவு சாய்வில் நின்றாலும் தாமதம் ஒன்றுதான். முன், பின் வித்தியாசம் அதற்குத் தெரியாது. மைக்குகளைச் சதுரமாகவோ வட்டமாகவோ வைத்தால் இந்தக் குழப்பம் தீரும். பிரான்சில் உருவான ‘நாவ்’ ரோபோவின் தலையில் 4 மைக் இருப்பதும் சும்மா இல்லை.

தப்பு எங்கே வருகிறது?

வெயில் ஒரு காரணமா? 40 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் கூடி 355 மீட்டரைத் தாண்டும். மென்பொருள் 343 என்றே கணக்குப் போட்டால், 60 டிகிரியில் இருப்பவர் 57-ல் இருப்பதாகத் தெரியும். 3 டிகிரிதான், கேமராவில் ஆள் விழுந்துவிடுவார்.

நிஜமான வில்லன் எதிரொலி. சுவரில் பட்டுத் திரும்பும் குரல் 1 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்தால், சுமார் 3 மில்லி விநாடி கழித்து வேறு திசையிலிருந்து வரும். சொல்லின் ஆரம்பத்தில் சரியான கோணம், முடியும்போது சுவரின் கோணம் என்று தாவினால் எதிரொலிதான் காரணம். சொல் தொடங்கும் நொடியை அதிகம் நம்பச் சொல்வதும், ரோபோவைச் சுவர் மூலையிலிருந்து நகர்த்தி வைப்பதும் கைகொடுக்கும்.

இரண்டு தனித்தனி யூஎஸ்பி மைக்கை மாட்டினால் வேறொரு சிக்கல். ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிகாரம். ஆள் அசையாமல் நின்று பேசினாலும் கோணம் மெல்ல நகர்ந்துகொண்டே போகும். எல்லா மைக்கும் ஒரே கடிகாரத்தில் ஓடும் ஒரே போர்டாக வாங்குவதுதான் தீர்வு.

டி.வி. சீரியல் ஓடினால்?

திசை மட்டும்தான் ரோபோவுக்குத் தெரியும், பேசுவது மனிதனா டி.வி.யா என்று தெரியாது. அதனால் அதன் பெயரைக் கூப்பிட்ட அந்தச் சில நொடிச் சத்தத்தில் மட்டும் திசையைக் கணிக்க வைப்பார்கள். திரும்பும்போது அதன் மோட்டாரே சத்தம் போடும் என்பதால், அந்த நேரத்துக் கணக்கைத் தள்ளிவிடும்.

திரும்பி முடித்ததும் ரோபோ மறுபடி கேட்க வேண்டும். ஆள் நேர் எதிரே இருந்தால் தாமதம் கிட்டத்தட்ட பூஜ்யம். கணிப்பு மிகத் துல்லியமாக இருப்பதும் அங்கேதான். முதல் முறை கொஞ்சம் தப்பினாலும், தாத்தா இரண்டாவது தடவை கூப்பிடும்போது ரோபோ சரியாக அவரைப் பார்த்துவிடும்.