பவர் பேங்க் லேபிளில் எந்த எண்ணைப் பார்ப்பது?

2025 ஜனவரி இறுதியில், தென்கொரியாவின் பூசான் விமான நிலையத்தில் ஹாங்காங் புறப்படத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானம் ஒன்று தீப்பிடித்தது. உள்ளே இருந்த 176 பேரும் அவசர வழிகளில் வெளியேறி உயிர் தப்பினார்கள். தீ கிளம்பியது தலைக்கு மேல் பைகள் வைக்கும் பெட்டியில். அங்கே இருந்த ஒரு பவர் பேங்கின் உள்ளே மின்காப்பு சிதைந்து தீ மூண்டிருக்கலாம் என்று விசாரணையாளர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஆசிய விமான நிறுவனங்கள் பல தங்கள் விதிகளை இறுக்கின. பாதுகாப்புச் சோதனையில் பவர் பேங்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்களே, அவர்கள் அதில் தேடுவது ஒரே ஓர் எண்ணை. அது வாட்-ஹவர். லேபிளில் Wh என்று அச்சாகியிருக்கும்.

பேட்டரிக்குள் மொத்தம் எவ்வளவு ஆற்றல் அடைபட்டிருக்கிறது என்பதை இந்த எண் சொல்கிறது. தீப்பிடித்தால் எவ்வளவு வெப்பம் வெளிப்படும் என்பதும் பெரும்பாலும் அதைப் பொறுத்ததே. அதனால்தான் சர்வதேச விதி இதை அளவுகோலாக வைத்திருக்கிறது. 100 வாட்-ஹவர் வரை தனி அனுமதி தேவையில்லை. 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். உதிரி பேட்டரி என்றால் ஒருவருக்கு இரண்டுதான். 160-ஐத் தாண்டியதைப் பயணி கொண்டுபோகவே முடியாது. பவர் பேங்க் எந்த அளவானாலும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. சரக்கு அறையில் ஒரு லித்தியம் பேட்டரி எரிந்தால் அங்குள்ள தீயணைப்பு வாயு சுடரை அடக்கும். ஆனால் பேட்டரிக்குள்ளேயே நடக்கும் வேதிவினையை அதனால் நிறுத்த முடியாது. பயணிகள் பகுதியில் என்றால் ஊழியர்கள் உடனே பார்த்துத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாம்.

சிக்கல் என்னவென்றால், கடையில் நாம் பவர் பேங்க் வாங்குவது வாட்-ஹவர் பார்த்து அல்ல. '20,000 எம்.ஏ.எச்' என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் மில்லி ஆம்பியர்-ஹவரைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். அந்த எண் மட்டும் ஆற்றலைச் சொல்லாது. ஆயிரம் லிட்டர் தண்ணீர் தரைக்கடியில் சம்ப்பில் இருப்பதும் மூன்றாவது மாடித் தொட்டியில் இருப்பதும் ஒன்றல்ல அல்லவா? அளவு அதேதான், ஆனால் மேலே இருக்கும் தண்ணீருக்கு வேகம் அதிகம். மின்சாரத்தில் அந்த உயரத்தின் இடத்தில் இருப்பது வோல்ட். மில்லி ஆம்பியர்-ஹவரை ஆயிரத்தால் வகுத்து, வோல்ட்டால் பெருக்கினால் வாட்-ஹவர் கிடைக்கும். கணக்கு இவ்வளவுதான். ஆனால் எந்த வோல்ட்டால் பெருக்குவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சாதாரணமான ஒரு பவர் பேங்கின் பின்பக்கம் இப்படி இருக்கும்:

```
Battery capacity: 20000mAh 3.7V (74Wh)
Rated capacity: 12000mAh (5V/3A)
Input: USB-C 5V/3A, 9V/2A
Output: USB-C 5V/3A, 9V/2.22A, 12V/1.67A
```

இதில் மூன்று நான்கு வோல்ட்டுகள் இருக்கின்றன. விமான நிறுவனத்துக்கு வேண்டியது முதல் வரி மட்டுமே. உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் இயல்பான வோல்ட் 3.7. 20,000-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 20. 20 × 3.7 = 74 வாட்-ஹவர். வரம்புக்குள் வசதியாக இருக்கிறது. யூஎஸ்பி 5 வோல்ட்தானே என்று 5-ஆல் பெருக்கினால் 100 வந்துவிடும், கையில் இருப்பது எல்லையில் நிற்பதாகத் தோன்றும். கடைசி வரியில் உள்ள 12 வோல்ட்டால் பெருக்கினால் 240, கொண்டுபோகவே முடியாத பொருள் என்றாகிவிடும். இரண்டுமே தவறு. 20,000 என்ற எண் செல்லின் வோல்ட்டில் அளந்தது. அதை அதே வோல்ட்டோடுதான் பெருக்க வேண்டும்.

இரண்டாவது வரி பலரைக் குழப்பும். 20,000 என்று வாங்கியது ஏன் 12,000 ஆனது? செல்லில் இருக்கும் 3.7 வோல்ட்டை போனுக்கு வேண்டிய 5 வோல்ட்டாக உயர்த்தித்தான் வெளியே அனுப்ப முடியும். வோல்ட் உயரும்போது மில்லி ஆம்பியர்-ஹவர் குறையும். கூடவே கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகப் போகும். 12 × 5 = 60. ஆக உள்ளே இருக்கும் 74-இல் 60 போனுக்கு வருகிறது. இது ஏமாற்று அல்ல, இயற்பியல். ஆனாலும் விமானத்துக்கான எண் இந்த 60 அல்ல, உள்ளே இருக்கும் 74-தான்.

செல்லின் வோல்ட்டை எப்போதும் 3.7 என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. 3.6 உண்டு, புதிய வகைகளில் 3.85 உண்டு. எல்லைக்கு அருகில் இந்தச் சிறிய வித்தியாசம் முடிவையே மாற்றும். 26,800 எம்.ஏ.எச் என்ற அளவில் பவர் பேங்குகள் வந்ததற்குக் காரணமே இந்த நூறு வாட்-ஹவர் வரம்புதான்: 3.7-ஆல் பெருக்கினால் 99.16. அதே 26,800 எண்ணுக்குப் பக்கத்தில் 3.85 வோல்ட் என்று இருந்தால் 103.18 ஆகி, ஒப்புதல் கேட்க வேண்டிய வகைக்குப் போய்விடும். 30,000 என்றால் 3.7-இலேயே 111.

இன்னொரு பொறி, பெட்டியின் முகப்பில் மின்னும் '100W'. அது பவர் பேங்க் எவ்வளவு வேகமாகச் சார்ஜ் ஏற்றும் என்பதற்கான வாட். வாட்-ஹவரோடு அதற்குச் சம்பந்தமில்லை. 100 வாட் வேகம் உள்ளதில் 74 வாட்-ஹவர் இருக்கலாம். 20 வாட் வேகம் உள்ளதில் 111 இருக்கலாம்.

மடிக்கணினியில் பயப்பட அதிகமில்லை. 16 அங்குல மேக்புக் ப்ரோ போன்ற பெரியவற்றிலும் பேட்டரியை நூறைத் தாண்டாமல்தான் செய்கிறார்கள். கழற்றக்கூடிய பழைய பேட்டரியில் '10.8V 4400mAh 48Wh' என்பதுபோல நேராகவே போட்டிருக்கும். பேட்டரி உள்ளேயே மூடியிருந்தால், அடிப்பக்கத்தில் '19.5V 3.34A' என்று தெரிவதைப் பேட்டரி அளவாக எண்ணிப் பெருக்காதீர்கள், அது சார்ஜருக்கானது. விண்டோஸ் என்றால் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் இதை அடியுங்கள்:

```
powercfg /batteryreport
```

அறிக்கைக் கோப்பு எங்கே சேமிக்கப்பட்டது என்று திரையில் வரும். அதைத் திறந்தால் DESIGN CAPACITY என்ற வரியில் 52,500 mWh என்பதுபோல ஓர் எண் இருக்கும். ஆயிரத்தால் வகுத்தால் 52.5 வாட்-ஹவர். அதற்குக் கீழே உள்ள FULL CHARGE CAPACITY பேட்டரி பழசாகப் பழசாகக் குறையும். விதிக்கு அது பொருட்டல்ல. தயாரித்தபோது இருந்த அளவே கணக்கு.

கணக்கு சரியாக வந்துவிட்டால் மட்டும் போதாது, லேபிளும் தெளிவாக இருக்க வேண்டும். எழுத்து தேய்ந்துபோன, எண்ணே இல்லாத பவர் பேங்கைச் சோதனையில் வாங்கி வைத்துக்கொண்டால் வாதிட நம்மிடம் எதுவும் இருக்காது. நிறுவனத்துக்கு நிறுவனம் கூடுதல் விதிகளும் உண்டு. துபாய் வழியாகப் போகிறவர்கள் கவனிக்க: எமிரேட்ஸ் 2025 அக்டோபர் முதல் ஒருவருக்கு நூறு வாட்-ஹவருக்குள் ஒரே ஒரு பவர் பேங்கைத்தான் அனுமதிக்கிறது, அதில் அளவு தெரிய வேண்டும் என்கிறது, விமானத்தில் அதைப் பயன்படுத்தவும் விடுவதில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் 2025 ஏப்ரலிலேயே விமானத்துக்குள் பவர் பேங்கால் சார்ஜ் போடுவதைத் தடை செய்துவிட்டது. சீனாவின் உள்நாட்டு விமானங்களில் 2025 ஜூன் 28 முதல் அந்நாட்டின் '3C' தரமுத்திரை தெளிவாக இல்லாத பவர் பேங்குக்கு இடமில்லை. அங்கே இறங்கி வேறு ஊருக்கு விமானம் மாறுகிறவர், நம் ஊரில் வாங்கிய 74 வாட்-ஹவர் பவர் பேங்கை அந்த முத்திரை இல்லாததால் மட்டுமே இழக்க நேரலாம்.