ஒரு வாடகை மூன்றாகப் பிரியும் கதை

சென்னை வடபழனியில் விஜயா மாலுக்குப் படம் பார்க்கப் போகிறவர்கள் அந்தக் கட்டடம் யாருடையது என்று யோசிப்பதில்லை. 2023 மே மாதம் முதல் அதன் உரிமையில் ஒரு துளி பங்குச் சந்தையில் விற்பனைக்குக் கிடைக்கிறது. நெக்சஸ் செலக்ட் டிரஸ்ட் என்ற அமைப்பு, விஜயா மால் உட்படப் பல நகரங்களின் மால்களைச் சேர்த்து, அவற்றின் உரிமையை 100 ரூபாய் யூனிட்டுகளாகப் பிரித்து வெளியிட்டது. போரூரில் உள்ள காமர்சோன் அலுவலக வளாகம் மைண்ட்ஸ்பேஸ் என்ற டிரஸ்டிடம் இருக்கிறது. பல்லாவரம் - துரைப்பாக்கம் சாலையில் உள்ள ஸ்பிளெண்டிட் டெக்சோனை 2024-இல் எம்பசி டிரஸ்ட் வாங்கியது. இப்படிப்பட்ட டிரஸ்டுகளுக்கு ரியல் எஸ்டேட் இன்வெஸ்ட்மென்ட் டிரஸ்ட் என்று பெயர், சுருக்கமாக ரீட்.

இந்தியாவில் இதற்கான விதிகளை செபி 2014-இல் கொண்டுவந்தது. முதல் ரீட்டான எம்பசி பட்டியலிடப்பட்டது 2019 ஏப்ரலில்தான். அப்போது இதில் நுழையப் பெரிய தொகை தேவைப்பட்டது. 2021-இல் செபி விதியைத் தளர்த்தியதால், டீமேட் கணக்கு வைத்திருக்கும் எவரும் இன்று ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம்.

சாதாரண ரியல் எஸ்டேட் நிறுவனப் பங்கிலிருந்து ரீட்டைப் பிரித்துக் காட்டுபவை மூன்று விதிகள். அதன் சொத்து மதிப்பில் குறைந்தது 80 சதவீதம், கட்டி முடித்து வாடகை வந்துகொண்டிருக்கும் கட்டடங்களாக இருக்க வேண்டும். பங்கிடக்கூடிய ரொக்கத்தில் குறைந்தது 90 சதவீதத்தை யூனிட்தாரர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். நிகரக் கடன் சொத்து மதிப்பில் 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே, காலி மனையை வாங்கிப் போட்டு விலை ஏறும் என்று காத்திருப்பது ரீட்டின் வேலை அல்ல. வாடகையை வசூலித்துப் பிரித்துக் கொடுப்பதுதான் அதன் வேலை.

அந்த வாடகை நம் கைக்கு வரும் வழி சற்றுச் சுற்றுவழி. பெரும்பாலும் கட்டடம் நேரடியாக ரீட்டின் பெயரில் இருப்பதில்லை. ஒவ்வொரு வளாகத்துக்கும் ஒரு தனி நிறுவனம் இருக்கும். அந்த நிறுவனத்தின் பங்குகளை ரீட் வைத்திருக்கும். கூடவே அந்த நிறுவனத்துக்கு ரீட் கடனும் கொடுத்திருக்கும். வாடகைக்கு இருக்கும் ஐடி கம்பெனி தனி நிறுவனத்துக்கு வாடகை கட்டுகிறது. அந்த நிறுவனம் பராமரிப்பு, சொத்து வரி போன்றவற்றைக் கழித்துக்கொண்டு, மீதியை மூன்று உருவங்களில் ரீட்டுக்கு அனுப்புகிறது: கடனுக்கு வட்டி, கடனின் அசலில் ஒரு பகுதி, பங்குக்கு ஈவுத்தொகை. ரீட் அதே மூன்று உருவங்களில் நமக்கு அனுப்புகிறது. பெரிய ரீட்டுகள் பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்கீடு தருகின்றன.

மூன்றுக்கும் ஊற்று வாடகைதான் என்றாலும், வருமான வரித் துறை மூன்றையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. கணக்குக்காக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒருவர் ஒரு ரீட்டில் யூனிட் 300 ரூபாய் வீதம் 100 யூனிட் வாங்குகிறார். முதலீடு 30,000 ரூபாய். ஓர் ஆண்டில் யூனிட்டுக்கு 20 ரூபாய் பங்கீடு வருகிறது. அதில் 8 ரூபாய் வட்டி, 6 ரூபாய் ஈவுத்தொகை, 6 ரூபாய் கடன் அசல். மொத்தம் 2,000 ரூபாய்.

வட்டியாக வந்த 800 ரூபாய் அவருடைய மற்ற வருமானத்தோடு சேர்ந்து, அவரது வரி விகிதப்படி வரிக்கு உட்படும். அதில் 10 சதவீதமான 80 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். ஈவுத்தொகையான 600 ரூபாய்க்கு, தனி நிறுவனம் குறைந்த விகித நிறுவன வரித் திட்டத்தைத் தேர்ந்தெடுக்காமல் இருந்தால், அவர் கையில் வரி இல்லை, தேர்ந்தெடுத்திருந்தால் உண்டு. கடன் அசலாக வந்த 600 ரூபாய்க்கு இப்போது வரி இல்லை. ஆனால் வரிக் கணக்கில் அவர் வாங்கிய விலை யூனிட்டுக்கு 300-லிருந்து 294 ஆகக் குறைந்துவிடும். பின்னால் 310-க்கு விற்றால், லாபம் 10 ரூபாய் அல்ல, 16 ரூபாய் என்று கணக்கிடப்படும். அந்த வரி மறைந்துவிடவில்லை. விற்கும் நாளுக்குத் தள்ளிப் போயிருக்கிறது.

300-க்கு 20 என்றால் கிட்டத்தட்ட 6.7 சதவீதம். 80 லட்ச ரூபாய் ஃபிளாட்டுக்கு மாதம் 20,000 வாடகை வந்தால் ஆண்டுக்கு 3 சதவீதம்தான். பராமரிப்பும் ஆள் மாறும்போது காலியாகக் கிடக்கும் மாதமும் போனால் இன்னும் குறையும். அலுவலகக் கட்டடங்களின் வாடகை விகிதம் வீடுகளைவிட அதிகம் என்பதே இந்த வித்தியாசத்துக்கு முதல் காரணம். அலுவலகக் குத்தகைகளில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 15 சதவீதம் வாடகை உயர்வு என்று எழுதிக்கொள்வதும் இங்கே பரவலான வழக்கம்.

ஆனால் குத்தகையில் இரு தரப்பும் சமமாகக் கட்டுப்படுவதில்லை. வாடகைக்கு வரும் கம்பெனி பொதுவாக முதல் சில ஆண்டுகளுக்கு மட்டுமே வெளியேற முடியாது. அதன் பிறகு முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். இதன் விளைவு 2020-க்குப் பிறகு தெரிந்தது. ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள். சிறப்புப் பொருளாதார மண்டலங்களில் புதிதாகத் தொடங்கும் கம்பெனிகளுக்கான வருமான வரிச் சலுகையும் அதே காலத்தில் முடிவுக்கு வந்தது. அந்த மண்டலத்துக் கட்டடங்களில் பழைய கம்பெனிகள் காலி செய்த தளங்களை, வெளியில் உள்ள கம்பெனிகளுக்கு வாடகைக்கு விட விதி இடம் தரவில்லை. கேட்பவர் இருந்தும் தளங்கள் காலியாகக் கிடந்தன. 2023 டிசம்பரில் தளம் தளமாக மண்டலத்திலிருந்து விடுவித்துக்கொள்ள அரசு அனுமதித்த பிறகுதான் அந்தச் சிக்கல் தளரத் தொடங்கியது.

இன்னொரு அடி வட்டி விகிதத்திலிருந்து வரும். வங்கி வைப்பு 7 சதவீதம் தரும்போது, 6.7 சதவீதம் தரும் யூனிட்டை 300 ரூபாய் கொடுத்து வாங்க ஆள் குறைவார்கள், விலை இறங்கும். அதே சமயம் ரீட் வாங்கிய கடனுக்கும் வட்டி ஏறி, பங்கிட இருக்கும் ரொக்கத்தைக் கரைக்கும். கட்டடம் முழுக்க நிரம்பியிருந்தாலும் இது நடக்கும்.

ஆகவே வாங்குமுன் ரீட்டின் காலாண்டு அறிக்கையில் சில எண்களைத் தேட வேண்டும். முதலில், எத்தனை சதவீத இடத்தில் ஆள் இருக்கிறார்கள், அது கடந்த சில காலாண்டுகளில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கலாம். அடுத்து, வரும் இரண்டு மூன்று ஆண்டுகளில் எவ்வளவு குத்தகைகள் முடிகின்றன, மொத்த வாடகையில் ஒரே வாடகைதாரரின் பங்கு எவ்வளவு என்பவை. பிறகு கடன் விகிதம். கடைசியாக, தனி மதிப்பீட்டாளர் போட்ட மதிப்பின்படி கணக்கிட்ட நிகரச் சொத்து மதிப்பு. சந்தை விலை அதைவிடக் குறைவாக இருந்தால் மலிவு என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. காலி இடம் நிரம்புமா என்று சந்தை சந்தேகப்படுவதாகவும் இருக்கலாம்.

பங்கீட்டு அறிவிப்பிலும் மொத்தத் தொகையோடு நின்றுவிடாமல், அது எப்படிப் பிரிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு ரீட்டுகள் தலா 20 ரூபாய் கொடுத்தாலும், ஒன்றில் பெரும்பகுதி வட்டியாகவும் மற்றொன்றில் பெரும்பகுதி ஈவுத்தொகையாகவும் வந்தால், 30 சதவீத வரிப் பிரிவில் இருப்பவரின் கையில் மிஞ்சுவது ஒரே தொகையாக இருக்காது.