18 லட்சம் கேட்டவருக்கு 12 லட்சத்தில் ஒரு பதில்

சென்னையில் ஐந்து ஆண்டு அனுபவமுள்ள ஒரு மென்பொருள் பொறியாளர். ஆண்டுக்கு வாங்குவது 9 லட்சம், கேட்பது 18 லட்சம். அந்த வேலைக்கு ஒதுக்கிய தொகையோ அதிகபட்சம் 12 லட்சம். ஆளெடுப்பவர்கள் பலர் "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அதன்பின் போனையே எடுப்பதில்லை. இது பெரிய தவறு. அந்த நம்பிக்கையில் அவர் வேறு வாய்ப்பை விட்டுவிடக்கூடும்.

முதலில் ஒன்றைக் கேட்க வேண்டும்: "சார், இந்த 18 லட்சம் நிலையான சம்பளமா, போனஸ், பி.எஃப். எல்லாம் சேர்ந்த சி.டி.சி.யா?" சி.டி.சி. என்றால் இடைவெளியில் ஒரு பகுதி அங்கேயே குறையும்.

பிறகு எழுத்தில் நேராகச் சொல்லலாம்: "உங்கள் திறமையில் குறையில்லை. இந்தப் பதவிக்கு உச்சவரம்பு 12 லட்சம். இதே அனுபவமுள்ள குழுவினரும் இதற்குள்தான் வாங்குகிறார்கள். உங்களுக்காக மட்டும் இதைத் தாண்ட முடியாது."

அடுத்து, மாற்று வழிகள். ஒரு லட்சம் ஜாயினிங் போனஸ் தரலாம். ஆனால் அது ஒருமுறை வரும் பணம், அடுத்த ஆண்டுச் சம்பள உயர்வுக் கணக்கில் சேராது. ஓராண்டுக்குள் விலகினால் திருப்பிக் கட்டச் சொல்லும் நிபந்தனையும் பெரும்பாலும் இருக்கும். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அனுபவம் பொருந்தினால், தனி நேர்காணல் வைத்து ஒருபடி மேலான பதவிக்குப் பரிசீலிக்கலாம். ஆறு மாதத்தில் சம்பள மறுபரிசீலனையும் உண்டு.

வேலை தேடுபவர்களே, அந்த மறுபரிசீலனை ஆஃபர் லெட்டரில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.