சாதனைக் கதை நேர்காணல் விடையாகும் விதம்

தேசிய நல்லாசிரியர் விருதுக்கு இணையவழியில் விண்ணப்பிக்கும் ஆசிரியர்கள், படிப்படியான தேர்வுக்குப் பின் நடுவர் குழுவின் முன் தம் பணியை எடுத்துரைக்க வேண்டும். மேல்நிலைக் கல்வி முடித்து வேலை தேடும் நம் மாணவர்களிடமும் ஏறக்குறைய இதையே கேட்கிறார்கள்: "நீங்கள் செய்து முடித்த ஒரு வேலையைச் சொல்லுங்கள்." இதற்கு விடை சொல்ல நான்கு கூறுகள் கொண்ட ஒரு முறை உண்டு. சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்பன அவை. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஸ்டார் முறை' என்பார்கள்.

நால்வகையில் பெரும்பாலும் காணாமல் போவது செயல்தான். மதுரைக்காரர்கள் எல்லாரும் அறிந்த ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். மருத்துவர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று அது உலகறிந்த நிறுவனம். நாம் வழக்கமாக இவ்வளவுதான் சொல்கிறோம். இதில் தொடக்கமும் முடிவும் இருக்கின்றன, நடுப்பகுதி இல்லை. கண்புரையால் பார்வை இழந்தோர் ஏராளம், அறுவை செய்யும் மருத்துவர்களோ சிலர், இது சூழல். தரம் குறையாமல் அதிகம் பேருக்கு அறுவை செய்ய வேண்டும், இது பொறுப்பு. மருத்துவர் ஒரு மேசையில் அறுவை செய்துகொண்டிருக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியைத் தயார் நிலையில் வைத்தார்கள். அந்த ஆயத்தங்களைச் செய்ய, கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளித்தார்கள். இதுவே செயல். மருத்துவரின் காத்திருப்பு நேரம் குறைந்து, அதே நேரத்தில் பலருக்கு அறுவை செய்ய முடிந்தது விளைவு. செயலைச் சொன்ன பிறகுதான் விளைவு நம்பும்படியாகிறது.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். திருமங்கலம் பக்கத்தில் மல்லிகை பயிராகும் ஊர் ஒன்றில் மூன்றாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். குழுவின் முன் அவர் முதலில் இப்படிச் சொல்கிறார்: "எங்கள் பள்ளியில் வாசிப்புத் திறன் குறைவாக இருந்தது. எண்ணும் எழுத்தும் திட்டத்தின்கீழ்ச் சிறப்புப் பயிற்சி அளிக்கப்பட்டது. மாணவர்கள் நல்ல முன்னேற்றம் அடைந்தனர்."

"அளிக்கப்பட்டது" என்ற சொல்லைக் கவனியுங்கள். யார் அளித்தார்? அறிக்கையும் கடிதமும் எழுதி எழுதி, நம் பேச்சிலும் செயப்பாட்டு வினை குடியேறிவிட்டது. 'நான்' என்று சொல்லக் கூச்சப்படும் பண்பும் சேர்ந்துகொள்கிறது. குழுவில் ஒருவர் இடைமறித்து, "இதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால், விடையில் செயல் விடுபட்டுவிட்டது என்று பொருள்.

அதே ஆசிரியை, அதே கதை, திருத்திய பிறகு: "ஜூன் மாதம் என் வகுப்பில் 24 பேர். அவர்களில் 14 பேர் அரும்பு நிலையில் இருந்தார்கள். சிலர் விடியற்காலையில் பெற்றோருடன் பூப்பறிக்கப் போய்விட்டு முதல் பாடவேளைக்குத் தாமதமாக வருவார்கள். ஜனவரிக்குள் இந்த 14 பேரையும் எளிய தொடர்களை வாசிக்க வைப்பது என் பொறுப்பு. ஒவ்வொருவரையும் தனியே வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். 9 பேருக்கு எழுத்துகள் தெரிந்திருந்தன; கெ, கே, கொ, கோ போன்ற கொம்பு எழுத்துகளில்தான் தடுமாறினார்கள். அவற்றுக்கு மட்டும் அட்டைகள் செய்தேன். வாசிப்பு நேரத்தைக் காலையிலிருந்து மதிய உணவுக்குப் பின் மாற்றினேன், தாமதமாக வருபவர்களும் இருக்கட்டும் என்று. வெள்ளிதோறும் ஒவ்வொருவரையும் வாசிக்கவைத்துக் குறித்துக்கொண்டேன். ஜனவரியில் 11 பேர் தொடர்களை வாசித்தார்கள். மூன்று பேர் இன்னும் சொல் அளவில்தான் இருக்கிறார்கள்."

சூழலில் பூப்பறிப்பு வருகிறது, ஏனென்றால் நேரத்தை மாற்றியதற்குக் காரணம் அதுதான். செயலில் பயன்படாத எதையும் சூழலில் சேர்க்க வேண்டியதில்லை. பள்ளி தொடங்கிய ஆண்டு, கட்டட வசதி, முன்னாள் மாணவர் பெருமை எல்லாம் இங்கே வேண்டாம். இரண்டு நிமிட விடையில் பாதிக்கு மேல் செயலுக்கே போக வேண்டும். சூழலுக்கு மூன்று வாக்கியமும் பொறுப்புக்கு ஒன்றும் போதும்.

விளைவில் இரண்டு எண்கள் வேண்டும். "11 பேர் வாசித்தார்கள்" என்பது தனியாக நின்றால் எதையும் சொல்லாது. ஜூனில் இருந்த 14 பக்கத்தில் நின்றால்தான் பொருள் தரும். எட்டாத மூன்று பேரையும் சொல்லிவிடுவது நல்லது. அடுத்த கேள்வி பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்: "அந்த மூவருக்கு என்ன செய்கிறீர்கள்?" வெள்ளிக்கிழமைக் குறிப்பேடு கையில் இருப்பவருக்கு அந்தக் கேள்வி எளிது. குறிப்பு வைக்காதவர், ஜூன் மாதத்து எண்ணை நேர்காணலுக்கு முந்தின இரவு நினைவிலிருந்து தேடிக்கொண்டிருப்பார்.