தள்ளினால்தான் காந்தம்

பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்று கையில் கிடைத்தால் குழந்தைகள் முதலில் சமையலறைக்குத்தான் ஓடுவார்கள். அங்கே அவர்களுக்கு ஒரு குழப்பம் காத்திருக்கிறது. ஒரு எவர்சில்வர் தட்டில் காந்தம் பட்டென்று ஒட்டுகிறது. அதே பளபளப்போடு பக்கத்தில் இருக்கும் டம்ளரில் ஒட்டவே இல்லை.

இரண்டிலும் பெரும்பகுதி இரும்புதான். ஒட்டாத வகையில் குரோமியத்தோடு நிக்கலும் கலந்திருக்கும். சுமார் 8 விழுக்காடு நிக்கல் சேர்ந்தால் இரும்பு அணுக்கள் அடுக்கப்படும் விதமே மாறிவிடுகிறது. காந்தத்துக்கு அது இசைவதில்லை. நிக்கல் சேர்க்காத மலிவான வகையில் காந்தம் ஒட்டும். நிக்கலோ தனியாக இருந்தால் காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகம்! நாணயங்களிலும் இந்த விந்தையைப் பார்க்கலாம். இப்போது புழங்கும் ஒரு ரூபாய் நாணயம் குரோமியம் கலந்த எஃகு என்பதால் ஒட்டுகிறது. முக்கால் பங்கு செம்பும் கால் பங்கு நிக்கலும் கலந்த பழைய நாணயங்கள் ஒட்டுவதில்லை.

ஆகவே “உலோகம் என்றால் ஒட்டும்” என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். செம்பு, பித்தளை, அலுமினியம், வெள்ளி, தங்கம் எதுவும் ஒட்டாது. பாத்திரக் கடைக்குக் காந்தத்தோடு போகிறவர்களும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த விலை குறைந்த எஃகிலும் காந்தம் ஒட்டாது. ஒட்டவில்லை என்பது மட்டும் உயர்ந்த ரகத்துக்குச் சான்று ஆகாது.

ஒரு பொருள் காந்தமா, வெறும் இரும்பா என்று அறிவதற்கும் ஒட்டுவதை நம்ப முடியாது. காந்தத்தின் வடமுனையும் இரும்பை இழுக்கும், தென்முனையும் இழுக்கும். இரண்டு காந்தங்களின் எதிரெதிர் முனைகளும் ஒன்றையொன்று இழுக்கும். ஒரே வகை முனைகள் நேருக்கு நேர் வரும்போதுதான் தள்ளல் உண்டாகிறது. சாதாரண இரும்பு ஒருபோதும் காந்தத்தைத் தள்ளாது. ஒரு முனையைக் காட்டி, பிறகு பொருளைத் திருப்பி மறுபக்கத்தையும் காட்ட வேண்டும்; ஏதாவது ஒரு பக்கம் விலகி ஓடினால் அது காந்தமேதான்.

இந்தச் சோதனையைத் தையல் ஊசியில் செய்து பார்க்கலாம். எஃகு ஊசிக்குள் ஏற்கெனவே நுண்ணிய காந்தப் பகுதிகள் உண்டு. அவை பல திசைகளில் நிற்பதால் ஒன்றின் விளைவை இன்னொன்று அழித்துவிடுகிறது. அவற்றை ஒரே பக்கம் திருப்பத்தான் தேய்க்க வேண்டும். முனைகள் குறிக்கப்பட்ட சட்டக் காந்தம் இதற்கு எளிது. வட்டக் காந்தத்தில் முனைகள் அதன் இரு தட்டைப் பரப்புகளில் இருக்கும்.

காந்தத்தின் வடமுனையை ஊசியின் காதில் வைத்து, கூர்முனை வரை இழுக்க வேண்டும். பிறகு காந்தத்தை நன்றாக உயர்த்தி, மீண்டும் காதுக்கே கொண்டுவர வேண்டும். முப்பது நாற்பது முறை இப்படிச் செய்தால் போதும். முன்னும் பின்னுமாகத் தேய்ப்பதுதான் பலரும் செய்யும் பிழை. போகும்போது திருப்பியதை வரும்போது கலைத்துவிடும். சரியாகத் தேய்த்த ஊசி இன்னொரு ஊசியைத் தூக்கும். காந்தம் கடைசியாக விட்டு விலகும் நுனியில் எதிர் முனை அமையும் என்பதால், இங்கே கூர்முனை தென்முனையாகிறது.

இனி, பிளாஸ்டிக் அல்லது மண் கிண்ணம் ஒன்றில் தண்ணீர் எடுத்து, சிறு தர்மாகோல் துண்டின் மேல் ஊசியைக் கிடத்தி மிதக்கவிட வேண்டும். மிதவை ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டால் தண்ணீரை விளிம்புக்குச் சற்று மேலே மேடாகும்வரை ஊற்றலாம்; அது நடுவிலேயே நிற்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, தேய்த்த காந்தத்தையும் கைப்பேசியையும் தள்ளி வைக்க வேண்டும். கைப்பேசியின் ஒலிபெருக்கியிலும் காந்தம் இருக்கிறது. ஊசி மெல்லத் திரும்பி வடக்கு தெற்காக நிற்கும். கூர்முனை தெற்கைக் காட்டும். ஐயம் இருந்தால் காலையில் சூரியன் உதிக்கும் பக்கத்தை வைத்துச் சரிபார்க்கலாம். விரலால் ஊசியைத் திருப்பிவிட்டுப் பார்ப்பது இன்னும் நல்ல சோதனை. உண்மையில் காந்தமாகியிருந்தால் அது பழைய திசைக்கே திரும்பும். இல்லையென்றால் விட்ட இடத்திலேயே நின்றுவிடும்.

பூமியே ஒரு பெரிய காந்தம் என்று 1600-இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கில்பர்ட் எழுதினார். ஊசியின் வடமுனையை இழுக்க வேண்டுமானால், பூமியின் வடபகுதியில் இருப்பது தென்முனை வகையாகவே இருக்க வேண்டும். அந்தக் காந்த முனை புவியியல் துருவத்தின் மேல் சரியாக அமையவில்லை. அதனால் பல நாடுகளில் திசைகாட்டியின் வடக்கும் உண்மையான வடக்கும் கணிசமாக வேறுபடும். தமிழ்நாட்டில் அந்த வேறுபாடு இரண்டு டிகிரிக்குள் அடங்கிவிடுவதால், கிண்ணத்து ஊசி காட்டும் வடக்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.