பீம் எப்படி வளையும்: மொமென்ட் படம் சொல்லும் வடிவம்

சுமை ஏறிய பீமின் நடுக்கோடு எந்த வடிவில் வளைந்து நிற்கிறதோ, அதுவே அதன் மீள்வளைகோடு. வீட்டுப் பீமில் இந்த வளைவு சில மில்லிமீட்டர் அளவுதான், கண்ணுக்குத் தெரியாது. அதைத் தாளில் பெரிதாக்கி வரைந்தால், கான்கிரீட்டின் எந்தப் பக்கம் இழுபடும், கம்பி மேலே வேண்டுமா கீழே வேண்டுமா என்பது விளங்கிவிடும். வளைவு மொமென்ட் வரைபடம் கையில் இருந்தால், இதற்குச் சமன்பாடு எதுவும் தேவையில்லை. ஒரு பென்சில் போதும்.

அடிப்படை ஒன்றே ஒன்று. பீம் ஓர் இடத்தில் எவ்வளவு வளைகிறது என்பதை அந்த இடத்து மொமென்ட்டும் பீமின் விறைப்பும் தீர்மானிக்கின்றன. மொமென்ட் கூடினால் வளைவு கூடும், விறைப்பு கூடினால் வளைவு குறையும். வளைவுக்கும் மொமென்ட்டுக்கும் உள்ள இந்த உறவை ஜேக்கப் பெர்னூலி 1694-இல் வெளியிட்டார். வழக்கமான குறியீட்டின்படி, மொமென்ட் நேர்க்குறியாக உள்ள பகுதியில் பீம் நிமிர்த்தி வைத்த கிண்ணம்போல் வளையும், அடிப்பக்கம் இழுபடும். எதிர்க்குறியாக உள்ள பகுதியில் கவிழ்த்த கிண்ணம்போல் வளையும், மேற்பக்கம் இழுபடும். மொமென்ட் ஒரு பகுதி முழுக்கப் பூஜ்யமாக இருந்தால் அந்தப் பகுதி நேர்கோடாகவே இருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மொமென்ட் சொல்வது வளைவை மட்டும்தான். பீம் எந்த உயரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்பதை அது நேரடியாகச் சொல்வதில்லை. அவற்றைத் தாங்கிகள்தான் சொல்கின்றன. சாதாரணத் தாங்கியில் கோடு கீழே இறங்காது, ஆனால் சாய்ந்துகொள்ளலாம். சுவரில் இறுகப் பிணைத்த முனையில் கோடு இறங்கவும் செய்யாது, சாயவும் செய்யாது.

மாடியில் பால்கனிக்காக வெளியே நீட்டிய ஒரு பீமை எடுத்துக்கொள்ளலாம். A, B என்ற இரு தாங்கிகளுக்கு இடையே 6 மீட்டர், B-ஐத் தாண்டி C வரை 2 மீட்டர். நீளம் முழுக்க மீட்டருக்கு 1 டன் சுமை. இதன் மொமென்ட் படம் A-யில் பூஜ்யத்தில் தொடங்கி, நேர்ப்பக்கத்தில் சுமார் 3.6 டன்-மீட்டர் வரை உயர்ந்து, A-யிலிருந்து 5.33 மீட்டரில் அடிக்கோட்டைக் கடந்து, B-யில் எதிர்ப்பக்கம் 2 டன்-மீட்டருக்கு இறங்கி, C-யில் மீண்டும் பூஜ்யத்தில் முடியும்.

முதலில் படத்துக்கு நேர் கீழே ஒரு கிடைக்கோடு போட்டு, A, B இரண்டையும் குறிக்க வேண்டும். வளைகோடு இந்த இரு புள்ளிகள் வழியாகப் போயே தீரும். அடுத்து, படம் அடிக்கோட்டைக் கடக்கும் இடத்திலிருந்து கீழ்நோக்கி மெல்லிய கோடு ஒன்றை இழுக்க வேண்டும். அந்த 5.33 மீட்டர் புள்ளிதான் வளைவு மாற்றப் புள்ளி. அதற்கு இடப்புறம் முழுக்க நிமிர்ந்த வளைவு, வலப்புறம் C வரை கவிழ்ந்த வளைவு. A-யிலும் C-யிலும் மொமென்ட் பூஜ்யம்தான், ஆனாலும் அவை வளைவு மாற்றப் புள்ளிகள் அல்ல. அங்கே குறி மாறவில்லை, பீமே முடிந்துவிடுகிறது.

இனிக் கோட்டை இழுக்கலாம். A-யிலிருந்து கீழே சரிந்து இறங்கி, ஏறக்குறைய நடுவில் அடிமட்டத்தைத் தொட்டு, B-யை நோக்கி ஏற வேண்டும். வளைவு மாற்றப் புள்ளியில் கோடு முறியக் கூடாது, வளையும் திசை மட்டும் மாற வேண்டும். அந்த இடத்தில் கோடு இன்னும் கிடைமட்டத்துக்குக் கீழேதான் இருக்கிறது. மொமென்ட் பூஜ்யமான இடத்தில் தாழ்வும் பூஜ்யம் என்று எண்ணி, கோட்டை அங்கேயே மேலே கொண்டுவந்து சேர்ப்பது மாணவர்கள் அதிகம் செய்யும் பிழை. சரியாக வரைந்த கோடு வளைவு மாற்றப் புள்ளியில்தான் சுற்றுவட்டாரத்திலேயே மிகச் செங்குத்தாக இருக்கும். வரைந்தது சரியா என்று பார்க்க இதைவிட எளிய சோதனை இல்லை.

B-யைத் தாண்டியதும்தான் சுவாரசியமான கேள்வி எழுகிறது. பால்கனியின் மேல் சுமை இருக்கிறது. அப்படியானால் முனை C கீழே இறங்குமா? பலரும் யோசிக்காமல் கீழ்நோக்கி வரைந்துவிடுவார்கள். மொமென்ட் படத்தின் பரப்பு வேறு விடை சொல்கிறது. பீம் முழுக்க ஒரே விறைப்பு என்றால், இரு புள்ளிகளுக்கு இடையே படம் அடைக்கும் பரப்பு எவ்வளவோ, அந்த அளவுக்குக் கோட்டின் சரிவு மாறும். A-க்கும் B-க்கும் இடையே நேர்ப்பரப்பு பெரியது, எதிர்ப்பரப்பு ஓர் ஓரத்துச் சிறு துண்டு. அதனால் A-யில் கீழ்நோக்கிப் புறப்பட்ட கோடு B-க்கு வரும்போது நன்றாக மேல்நோக்கித் திரும்பியிருக்கும். B-க்கும் C-க்கும் இடையே உள்ள எதிர்ப்பரப்போ, A-B இடையே மிஞ்சும் நிகர நேர்ப்பரப்பில் ஒன்பதில் ஒரு பங்குதான். இது மேலேறும் கோட்டைச் சற்றே கவிழ்க்கும், கீழே இறக்கும் அளவுக்குப் போதாது. முனை C மேலே எழும்பியே நிற்கும்.

பால்கனியை 3 மீட்டராக நீட்டினால் கதை மாறுகிறது. B-யில் எதிர்மொமென்ட் 4.5 டன்-மீட்டர் ஆகிறது, வளைவு மாற்றப் புள்ளி A-யிலிருந்து 4.5 மீட்டருக்கு நகர்கிறது. B-யில் கோடு கிடைமட்டமாகிவிடும், அதற்கப்பால் கவிழ்ந்த வளைவு மட்டுமே இருப்பதால் முனை இறங்கும். எழுச்சி தாழ்வாக மாறும் எல்லை சுமார் 2.6 மீட்டர் நீட்டம். அந்த எல்லையை ஒட்டிய பீம்களில் கண்மதிப்பை நம்ப முடியாது, கணக்குப் போட்டே ஆக வேண்டும். வளையும் திசை, வளைவு மாற்றப் புள்ளி ஆகியவற்றைக் கைப்படம் தவறாமல் காட்டும். ஆனால் இரு எதிரெதிர் விளைவுகள் ஏறக்குறையச் சமமாகும் இடத்தில், எது வெல்லும் என்று அதனால் சொல்ல முடியாது.

வளைவு மாற்றப் புள்ளியில் மொமென்ட் இல்லை என்பதைப் பாலம் கட்டுவோர் நேரடியாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஜெர்மனியின் ஹைன்ரிச் கெர்பர், தொடர்ப் பீமின் இடையிடையே கீல்களை வைக்கும் முறைக்கு 1866-இல் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே மைன் ஆற்றின்மேல் ஹாஸ்ஃபுர்ட் பாலம் அந்த முறையில் எழுந்தது. கீல் இருக்கும் இடத்தில் மொமென்ட் எப்போதும் பூஜ்யம். ஆனால் கோடு அங்கே மடியலாம், ஏனென்றால் கீல் சரிவைக் கடத்துவதில்லை. கீல் உள்ள பீமை வரையும்போது மட்டும், முறியக் கூடாது என்ற விதி அந்த ஒரு புள்ளிக்குப் பொருந்தாது.

கீல் வைத்த இடம் நிலையானது, சாதாரணப் பீமின் வளைவு மாற்றப் புள்ளி அப்படியல்ல. சுமை மாறினால் அதுவும் நகரும். நம் 2 மீட்டர் பால்கனியில் ஆளும் பொருளும் சேர்ந்தால் அது B-யிலிருந்து உள்ளே தள்ளிப்போகும். பால்கனி காலியாக இருந்து உள்ளே சுமை கூடினால் B-யை நெருங்கும். இந்திய கான்கிரீட் விதித்தொகுப்பான IS 456 இதற்கு இடம் விட்டே கம்பியை நிறுத்தச் சொல்கிறது. தாங்கியின்மேல் எதிர்மொமென்ட்டுக்காக வைத்த மேல்கம்பியில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு, வளைவு மாற்றப் புள்ளியைத் தாண்டிச் செல்ல வேண்டும். தாண்டும் நீளம், பீமின் பயனுறு ஆழம், கம்பி விட்டத்தின் 12 மடங்கு, தாங்கிகளுக்கு இடைப்பட்ட தெளிவு நீளத்தில் 16-இல் ஒரு பங்கு ஆகிய மூன்றில் எது பெரிதோ அதற்குக் குறையக் கூடாது.